ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வில் இப்படியொரு கேள்வி வரும்: கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு லிட்டர் தூய நீரில் அது எவ்வளவு கரையும்? மாணவர் யோசிப்பதே இல்லை. கொடுத்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுப்பார். விடை லிட்டருக்குச் சுமார் 5.8 மில்லிகிராம். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அந்த மாணவர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போய் ஒரு கிணற்று நீரைச் சோதித்தால் திகைத்துப்போவார். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் அந்தப் பாறைக்குள் இறங்கி, அதையே அரித்துக்கொண்டு ஊற்றாகவும் கிணறாகவும் வெளியே வருகிறது. கீரிமலைக் கேணியும் புத்தூரின் நிலாவரைக் கிணறும் அப்படி வந்தவைதான். அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் பொருக்கைப் பார்த்தாலே தெரியும். தேர்வில் எழுதியது ஆறு. கிணற்றில் இருப்பது நூற்றுக்கு மேல். பாறையும் மாறவில்லை, கரைதிறன் பெருக்கமும் மாறவில்லை. எங்கே தவறியது கணக்கு?

தவறு வர்க்கமூலத்தில் ஒளிந்திருக்கிறது. பாறையிலிருந்து ஒரு கால்சியம் அயனி வெளியே வந்தால் ஒரு கார்பனேட் அயனியும் கூடவே வரும். எனவே இரண்டும் தண்ணீரில் சம அளவில் இருக்கும் என்று அந்தக் கணக்கு நம்புகிறது. கால்சியம் அப்படியே இருந்துவிடும், சரி. கார்பனேட் அப்படி இருக்காது. அது தண்ணீரிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துப் பைகார்பனேட் ஆகிவிடும். பைகார்பனேட் இன்னொன்றைப் பறித்தால் கரைந்த கார்பன் டை ஆக்சைடு. கார்பனேட் இப்படி வேறு உருவம் எடுக்க எடுக்க, அதன் இடத்தை நிரப்பப் பாறை மேலும் கரையும். ஒரே குவளைக்குள் நான்கைந்து சமநிலைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்க, மாணவர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

முழுதாகப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல் போட்டு மூடிவைத்த ஒரு குவளைத் தண்ணீரில் நமக்குத் தெரியாத அளவுகள் ஆறு: கால்சியம், கார்பனேட், பைகார்பனேட், கரைந்த கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி. ஆறு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க ஆறு சமன்பாடுகள் வேண்டும். சமநிலை மாறிலிகள் தருவது நான்குதான்.

அந்த நான்கையும் எளிய மொழியில் சொல்லிவிடலாம். இங்கே அளவுகள் எல்லாம் லிட்டருக்கு மைக்ரோமோலில். ஒரு மைக்ரோமோல் என்பது ஒரு மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நூறு மைக்ரோமோல் சுண்ணாம்புக்கல்லின் எடை 10 மில்லிகிராம். முதல் விதி: கால்சியத்தையும் கார்பனேட்டையும் பெருக்கினால் 3,300 வரவேண்டும். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்துக்கு 25 டிகிரி வெப்பத்தில் கரைதிறன் பெருக்கம் அதுதான். இரண்டாவது: பிஎச் 10.33 ஆக இருக்கும்போது கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சரிபாதி; பிஎச் ஒரு படி இறங்கினால் கார்பனேட் பைகார்பனேட்டில் பத்தில் ஒரு பங்காகிவிடும். மூன்றாவதும் அதே மாதிரி: பிஎச் 6.35-இல் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் சரிபாதி. நான்காவது தண்ணீரின் சொந்த விதி, ஹைட்ரஜன் அயனியையும் ஹைட்ராக்சைடையும் கட்டிப்போடுவது. பிஎச் தெரிந்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

மீதி இரண்டு சமன்பாடுகளை எந்த அட்டவணையிலும் தேட முடியாது. அவற்றை நாமே எழுத வேண்டும்.

ஒன்று நிறைச் சமன்பாடு. நூறு ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றினால் ஐம்பதாக, இருபதாக, பத்தாக எப்படி மாறினாலும் கூட்டுத்தொகை நூறுதான். பாறையிலிருந்து வந்த கார்பனும் அப்படித்தான். அது மூன்று உருவங்களில் பிரிந்து கிடக்கலாம். மூன்றையும் கூட்டினால் வெளிவந்த கால்சியத்தின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தாக வேண்டும்.

[Ca²⁺] = [CO₃²⁻] + [HCO₃⁻] + [CO₂]

இன்னொன்று மின்சுமைச் சமன்பாடு. கரைசலில் உள்ள நேர்மின்சுமை அனைத்தும் எதிர்மின்சுமை அனைத்துக்கும் சமம்.

2[Ca²⁺] + [H⁺] = [HCO₃⁻] + 2[CO₃²⁻] + [OH⁻]

இதை ஏதோ தோராயமான விதி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரை உருண்டையாகக் கற்பனை செய்து, அதில் ஒரே ஒரு மைக்ரோமோல் நேர்மின்சுமை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உருண்டையின் மின்னழுத்தம் சுமார் 1,400 கோடி வோல்ட்டாக இருக்கும். மின்னல் தோற்றுவிடும். அப்படியொரு குவளையை யாரும் மேசையில் வைக்க முடியாது. ஆகவே வேதியியலில் எந்தச் சமன்பாட்டைச் சந்தேகித்தாலும் இதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எழுதும்போது பலரும் தடுக்கி விழும் இடம் அந்த 2. ஒரு கால்சியம் அயனி இரண்டு நேர்மின்சுமையைச் சுமக்கிறது. அதனால் கால்சியத்தின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குகிறோம். ‘ஒரு கால்சியத்துக்கு இரண்டு எதிர் அயனிகள் வேண்டுமே, அப்படியானால் பெருக்க வேண்டியது எதிர்ப்பக்கத்தை அல்லவா’ என்று மூளை குறுக்குச்சால் ஓட்டும். அதைக் கேட்கக் கூடாது. எண்ணுவது அயனிகளை அல்ல, அவை சுமக்கும் சுமையை. அடுத்த வழுக்கல், கார்பன் டை ஆக்சைடைப் போன்ற சுமையில்லாத மூலக்கூறையும் இந்தச் சமன்பாட்டுக்குள் இழுத்துவிடுவது. அதற்கு நிறைச் சமன்பாட்டில் மட்டும்தான் இடம்.

இப்போது ஆறுக்கு ஆறு. ஆனால் எடுத்தவுடன் இயற்கணிதத்தில் குதித்தால் ஆறாம் படிச் சமன்பாடு ஒன்று வந்து நிற்கும். கைதேர்ந்தவர்கள் முதலில் இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். மின்சுமைச் சமன்பாட்டில் கால்சியம் இருக்கும் இடத்தில் நிறைச் சமன்பாட்டின் வலப்பக்கத்தைப் போட்டால் பாதி உறுப்புகள் அடிபட்டுப் போகும். கால்சியமே காணாமல் போய்விடும். மிஞ்சுவது இது:

[OH⁻] = [HCO₃⁻] + 2[CO₂] + [H⁺]

கொஞ்சம் நின்று பார்த்தால் இதன் பொருள் புரியும். தண்ணீரிடமிருந்து ஒரு கார்பனேட் ஒரு ஹைட்ரஜனைப் பறித்துப் பைகார்பனேட் ஆனால், பறிகொடுத்த தண்ணீர் ஒரு ஹைட்ராக்சைடாக நிற்கும். இரண்டு பறித்தால் இரண்டு ஹைட்ராக்சைடு. சுண்ணாம்புக்கல் போட்ட தண்ணீர் காரமாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கார நீரில் ஹைட்ரஜன் அயனியும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் சொற்பம். அவற்றைத் தள்ளிவிட்டால், பைகார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சமம் என்று வந்துவிடுகிறது.

இனி ஊகித்துப் பார்க்கலாம். ஹைட்ராக்சைடு 50 மைக்ரோமோல் என்று வைத்தால் பைகார்பனேட்டும் 50. இரண்டாம் விதிப்படி கார்பனேட் சுமார் 12 வரும். கால்சியம் இரண்டின் கூட்டுத்தொகை, 62. கால்சியத்தையும் கார்பனேட்டையும் பெருக்கினால் 720 போல வருகிறது. வேண்டியது 3,300, போதவில்லை. 100 என்று ஊகித்தால் பெருக்கம் 6,900 வரை போய்விடும், கூடிவிட்டது. 80 என்று வைத்தால் கார்பனேட் 30, கால்சியம் 110, பெருக்கம் 3,300. பிடித்தாயிற்று. பிஎச் 9.9.

சரிபார்ப்பதும் எளிது. நேர்மின்சுமை 110-ஐ இரண்டால் பெருக்க 220. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 80, கார்பனேட்டின் இரட்டிப்பு 60, ஹைட்ராக்சைடு 80, கூட்டினால் 220. தள்ளிவிட்ட இரண்டும் உண்மையிலேயே சொற்பம்தானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பிஎச் 9.9-இல் ஹைட்ரஜன் அயனி ஒரு மைக்ரோமோலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கார்பன் டை ஆக்சைடு ஒரு மைக்ரோமோலில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தள்ளியது தப்பில்லை. கடைசியில் கிடைத்த எண்களைத் தள்ளிவிட்ட உறுப்புகளிலும் போட்டுப் பார்க்காமல் எந்தத் தோராயத்தையும் நம்பக் கூடாது. இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த முறை அபத்தமான விடைகளையும் சிரித்த முகத்தோடு கொடுக்கும்.

ஆக, மூடிய குவளையில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் கரைகிறது. தேர்வு விடையைப் போல இரு மடங்கு. ஆனாலும் கிணறு இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

மூடியைத் திறந்தால்தான் கதை மாறும். காற்றில் இன்று பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில் எப்போதும் லிட்டருக்கு 14.3 மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். தண்ணீர் அதைச் செலவழித்தால் காற்று உடனே ஈடு செய்யும். சுத்தமான மழைநீரின் பிஎச் 7 ஆக இல்லாமல் 5.6 ஆக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இங்கேதான் அனுபவமில்லாதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மூடிய குவளைக்கு எழுதிய நிறைச் சமன்பாட்டைத் திறந்த குவளைக்கும் எழுதிவிடுவார்கள். அது செல்லாது. தண்ணீரில் உள்ள கார்பன் இனிமேல் பாறையிலிருந்து மட்டும் வருவதில்லை. காற்றிலிருந்தும் வருகிறது, எவ்வளவு வந்தது என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. கால்சியத்தின் எண்ணிக்கையும் கார்பனின் கூட்டுத்தொகையும் சமம் என்று சொல்ல இனி எந்த நியாயமும் இல்லை. நிறைச் சமன்பாடு போகட்டும், அதற்குப் பதிலாகக் காற்று ஒரு சமன்பாட்டைத் தந்துவிட்டது: கரைந்த கார்பன் டை ஆக்சைடு 14.3. மின்சுமைச் சமன்பாடு மட்டும் அசையாமல் அப்படியே நிற்கிறது. வாயு உள்ளே வரட்டும், வெளியே போகட்டும், அதற்கு மின்சுமை கிடையாதே. ஒரு கணக்கைத் தொடங்குமுன் ‘எது வெளியே போகலாம், எது உள்ளே வரலாம்’ என்று கேட்டுவிட்டால் பாதித் தவறுகள் நடக்காது.

இப்போது செய்ய வேண்டியது ஒரு பிஎச் ஊகித்து, எல்லா அயனிகளையும் கணக்கிட்டு, மின்சுமைத் தராசில் வைப்பது. பிஎச் 8 என்று தொடங்குவோம். பைகார்பனேட் 639, கார்பனேட் 3, அப்படியானால் கால்சியம் 1,107 வருகிறது. நேர்மின்சுமை 2,214, எதிர்மின்சுமை வெறும் 646. தட்டு படுமோசமாகச் சாய்கிறது. பிஎச் 8.5 என்றால் நிலைமை தலைகீழ்: நேர்மின்சுமை 221, எதிர்மின்சுமை 2,083. விடை நடுவில் எங்கோ இருக்கிறது. 8.18 வைத்துப் பார்த்தால் 968-உம் 982-உம் வருகிறது. ஒன்றரை சதவீத வித்தியாசம். இன்னும் ஒரு நூலிழை கீழே இறக்கினால் இரண்டும் 978 பக்கத்தில் கைகோத்துக்கொள்ளும். அப்போது கால்சியம் 489 மைக்ரோமோல், பைகார்பனேட் 962, கார்பனேட் 7, ஹைட்ராக்சைடு ஒன்றரை.

லிட்டருக்கு 49 மில்லிகிராம். பாறையும் அதேதான், தண்ணீரும் அதேதான். மூடியைத் திறந்ததற்கே விடை நான்கரை மடங்கு ஏறிவிட்டது.

இந்த எண்களில் பைகார்பனேட்டைத் தவிர மற்ற எதிர் அயனிகள் எல்லாம் தூசு. ஆகவே கால்சியத்தின் இரு மடங்கு பைகார்பனேட்டுக்குச் சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் ஒரு நல்ல விதி கைக்கு வருகிறது: கரையும் சுண்ணாம்பு, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தின் கனமூலத்தைப் பொறுத்து ஏறும். அழுத்தம் எட்டு மடங்கானால் சுண்ணாம்பு இரண்டு மடங்கு.

கிணற்றுப் புதிர் இந்த விதியில்தான் அவிழ்கிறது. மழைநீர் பாறையைத் தொடுமுன் மண்ணைக் கடந்தாக வேண்டும். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் அங்குள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்தை எட்டுவது அபூர்வம் அல்ல. அது வெளிக்காற்றைப்போல 24 மடங்கு. அதன் கனமூலம் கிட்டத்தட்ட 2.9. கணக்கைத் திரும்பப் போட்டால் லிட்டருக்குச் சுமார் 139 மில்லிகிராம் சுண்ணாம்பும் பிஎச் 7.3-உம் வருகின்றன. இப்போது கிணற்றின் வாசலுக்கு வந்துவிட்டோம்.

அந்த நீர் மோட்டார் வழியாக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறியதும் மண்ணின் காற்றிலிருந்து வெளிக்காற்றுக்கு மாறுகிறது. கூடுதல் கார்பன் டை ஆக்சைடு மெல்ல வெளியேறும். 139 தாங்கிய தண்ணீர் இனி 49-ஐத்தான் தாங்கும். லிட்டருக்கு 90 மில்லிகிராம் படிந்தே தீர வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 90 கிராம். எப்போது படியும் என்பதைச் சமநிலைக் கணக்கு சொல்லாது. கால்சைட் படிகமாகச் சோம்பல் படும்; பல நாட்கள் அளவுக்கு மீறிச் சுமந்தபடியே தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வாயு ஒரேயடியாக வெளியேறுவதோடு, சூடான நீரில் கால்சைட்டின் கரைதிறனும் குறைந்துவிடுவதால் கேத்தில் முதலில் வெளுக்கிறது.

இந்தக் கணக்குகளில் ஒரு சின்னச் சலுகை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அயனிகள் நெருங்க நெருங்க ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். கால்சியமும் கார்பனேட்டும் ஜோடி சேர்ந்து சுமையில்லாமல் திரிவதும் உண்டு. அவற்றையும் சேர்த்தால் கரையும் அளவு இன்னும் சற்று ஏறும். கடல்நீரில் இதை விட்டுவிட்டால் விடை உதவாது. நிஜக் கிணற்று நீரிலோ மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட் என்று கூட்டம் அதிகம். கையால் போட முடியாது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் `PHREEQC` என்ற இலவச மென்பொருளை நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் `pH 7 charge` என்று ஒரு வரி எழுதலாம். ‘7 என்பது என் ஊகம், மின்சுமை சமப்படும்வரை பிஎச்சை நகர்த்திக்கொள்’ என்று அதற்குப் பொருள். நாம் தராசில் வைத்து நகர்த்திய அதே வேலைதான்.

கணக்குப் போடாதவர்களுக்கும் மின்சுமைச் சமன்பாடு பயன்படும் இடம் ஒன்று உண்டு: ஆய்வகத்திலிருந்து வரும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. சுண்ணாம்பு நிலத்துக் கிணறு ஒன்றின் அறிக்கையாக இப்படி வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு மில்லிகிராமில் கால்சியம் 80, மக்னீசியம் 24, சோடியம் 69, பொட்டாசியம் 4; பைகார்பனேட் 305, குளோரைடு 71, சல்பேட் 24. பார்வைக்கு ஒழுங்கான அறிக்கை. ஒவ்வோர் எண்ணையும் அந்த அயனியின் ஒரு சுமைக்குரிய எடையால் வகுத்தால் மில்லி ஈக்விவலன்ட் கிடைக்கும். கால்சியத்துக்கு 20, மக்னீசியத்துக்கு 12, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39, பைகார்பனேட்டுக்கு 61, குளோரைடுக்கு 35.5, சல்பேட்டுக்கு 48. வகுத்துக் கூட்டினால் நேர்ப்பக்கம் 4, 2, 3, 0.1, மொத்தம் 9.1. எதிர்ப்பக்கம் 5, 2, 0.5, மொத்தம் 7.5.

1.6 குறைகிறது. வித்தியாசத்தை இரு பக்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிட்டத்தட்ட 10 சதவீதம். இத்தகைய நீருக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் ஆய்வகமே முகம் சுளிக்க வேண்டும். தண்ணீருக்குள் மின்சுமை சரியாகத்தான் இருக்கிறது; குறை அறிக்கையில். ஏதோ ஓர் எதிர் அயனியை அளக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது எதையோ தப்பாக அளந்திருக்கிறார்கள்.

யார் அந்த ஆள் என்று மின்சுமைக் கணக்கு சொல்லாது. அங்கே நிறைக் கணக்கு கைகொடுக்கும். அதே அறிக்கையில், தண்ணீரை ஆவியாக்கி 180 டிகிரியில் உலர்த்தி நிறுத்த மொத்தக் கரைதிடம் 530 மில்லிகிராம் என்று இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். அயனிகளைக் கூட்டிப் பார்க்கலாம். உலரும்போது பைகார்பனேட் பாதி எடையை வாயுவாகவும் நீராவியாகவும் இழந்து கார்பனேட் ஆகிவிடுவதால் 305-க்கு 150 என்றே எடுக்க வேண்டும். கூட்டுத்தொகை 422. நூறு மில்லிகிராமுக்கு மேல் காணவில்லை. விடுபட்ட 1.6 குளோரைடாக இருந்தால் 57 மில்லிகிராம்தான் சேரும், 479. பைகார்பனேட்டைக் குறைத்து அளந்திருந்தால் 470-ஐத் தாண்டாது. சல்பேட்டானால் 499. நைட்ரேட்டானால் 62-ஆல் பெருக்கி 99 மில்லிகிராம், மொத்தம் 521. மீதி ஒன்பதைச் சுமையில்லாத சிலிக்கா எளிதாக நிரப்பிவிடும். சந்தேகம் நைட்ரேட்டின் மேல் விழுகிறது. சல்பேட்டுடன் சிலிக்கா கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் இதே எண் வரலாம் என்பதால் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் அடுத்த சோதனை எதுவாக இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

விவசாய உரமும் மலக்குழிக் கசிவும் சேரும் கிணறுகளில் நைட்ரேட் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் இது நெடுநாள் பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தர அளவு 45. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. அவர்களின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு படியும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் இன்னும் செறியும்.

இந்தச் சோதனைக்குக் குருட்டுப் புள்ளிகளும் உண்டு. மாதிரி எடுத்த போத்தலிலேயே இரண்டு நாளில் கொஞ்சம் சுண்ணாம்பு படிந்துவிட்டது என்றால், ஒரு கால்சியத்தோடு இரண்டு பைகார்பனேட்டும் காணாமல் போகும். இரண்டு சுமை அந்தப் பக்கம், இரண்டு சுமை இந்தப் பக்கம். அறிக்கை பொய், ஆனால் கணக்கு சரியாகக் கூடும். போத்தலின் அடியில் வெள்ளைத் தூள் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

இதைவிட மோசமான குருட்டுப் புள்ளி மனிதர் செய்தது. சோடியத்தை அளக்கக் கருவியில்லாத ஆய்வகம், மற்ற அயனிகளைக் கூட்டிக் கழித்து ‘மீதி சோடியம்’ என்று எழுதிவிடுவதுண்டு. அப்படி எழுதினால் இரு பக்கமும் தசமப் புள்ளி பிசகாமல் கூடும். உண்மையில் தனித்தனியாக அளந்த எண்கள் ஒருபோதும் அவ்வளவு அழகாகக் கூடாது. ஒன்றிரண்டு சதவீதமாவது இடறும். வித்தியாசம் சுத்தமாகப் பூஜ்யம் என்று வரும் அறிக்கையைப் பத்து சதவீதம் என்று வரும் அறிக்கையைவிட அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ அறிக்கை வாங்கினால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சோடியத்தைக் கருவியில் அளந்தார்களா, நைட்ரேட் பட்டியலில் இருக்கிறதா, மொத்தக் கரைதிடம் ஆவியாக்கி நிறுத்ததா அல்லது மீட்டர் காட்டிய எண்ணா. பிறகு மேலே சொன்ன எடைகளால் வகுத்து இரு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் இடித்தால், அதே மாதிரியை மறுபடி சோதித்துத் தரும்படி கேளுங்கள்.